வரப்பின் நீளம் உயரம் ஆகாது: சரிவக வடிவ வயலின் பரப்பளவைக் காண்பது எப்படி?

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அதன் தெற்கு வரப்பு 60 மீட்டர், வடக்கு வரப்பு 35 மீட்டர். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மேற்கு வரப்பு 25 மீட்டர், கிழக்கு வரப்பு 30 மீட்டர். இவை இரண்டும் சாய்வாக ஏறி வடக்கு வரப்பைத் தொடுகின்றன. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சோடி மட்டும் இணையாக உள்ள இத்தகைய நாற்கரத்தைச் சரிவகம் என்கிறோம்.

இதன் பரப்பளவு என்ன? சூத்திரம் பலருக்கும் நினைவிருக்கும்:

```
A = (a + b) × h / 2
```

a, b என்பவை இணைப்பக்கங்கள், h என்பது உயரம். பள்ளிக் கணக்கில் இந்த மூன்றையும் கொடுத்துவிடுவார்கள். போட்டு முடித்தால் ஆயிற்று. வயலில் அப்படி இல்லை. a, b இரண்டும் வரப்பாகக் கண்முன்னே கிடக்கின்றன. h மட்டும் எங்கும் வரைந்து வைக்கப்படவில்லை. அது பயிருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக இருக்கிறது. முதன்முதலில் ஒரு நிலத்தை அளந்தபோது நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். சாய்வான வரப்பின் மேல் நாடாவை இழுப்பது வசதியாக இருந்தது, அந்த நீளத்தையே உயரம் என்று எழுதிக்கொண்டேன். ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதி h என்ற அந்த ஓர் எழுத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

படி 1: படம் வரைந்து மூலைகளுக்குப் பெயர் வையுங்கள்

ஒரு தாளில் வயலைத் தோராயமாக வரையுங்கள். தென்மேற்கு மூலை அ, தென்கிழக்கு ஆ, வடகிழக்கு இ, வடமேற்கு ஈ என்று வைத்துக்கொள்வோம். அஆ = 60, இஈ = 35, அஈ = 25, ஆஇ = 30. நான்கு எண்களையும் அந்தந்தக் கோட்டின் அருகிலேயே எழுதுங்கள். தனிப் பட்டியலாக எழுதினால், வீடு திரும்பிய பிறகு எது எந்த வரப்பு என்று குழம்புவது உறுதி.

இணைப்பக்கங்கள் இரண்டையும் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தில் கூட்ட வேண்டியவை அந்த இரண்டு மட்டுமே. இணைப்பக்கம் என்றால் நீளமான பக்கம் என்று பொருள் இல்லை. சில வயல்களில் சாய்வான பக்கங்களே அதிக நீளமாக இருக்கும்.

படி 2: இணைப்பக்கங்களை அளங்கள்

ஒவ்வொரு மூலையிலும் ஒரு முளை அடியுங்கள். வரப்பு அகலமாக இருந்தால், அதன் உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்றில் எதை எல்லையாகக் கொள்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, நான்கு பக்கத்துக்கும் அதையே பின்பற்ற வேண்டும். நாடாவைத் தொய்யவிடாமல், கிடைமட்டமாகப் பிடித்து அளங்கள். நிலம் சரிவாக இருந்தாலும் நாடா சரிவைப் பின்பற்றக் கூடாது. நிலத்தின் பரப்பு என்று கணக்கிடுவது கிடைமட்டத் தளத்தில் விழும் பரப்பைத்தான்.

படி 3: உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

உயரம் என்பது இரண்டு இணைக்கோடுகளுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம். அதாவது, இரண்டுக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம். இந்த இரண்டாவது விளக்கம்தான் வயலில் கைகொடுக்கிறது. செங்கோணத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. ஆனால் மிகக் குறைந்த தூரத்தை நாடாவே சொல்லிவிடும்.

முதலில் அ முளையிலிருந்து ஆ முளைக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் வடமேற்கு மூலையில், ஈ முளையின் மேல் நாடாவின் பூச்சிய முனையைப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் நாடாவை இறுக்கமாகப் பிடித்தபடி அ முளையிலிருந்து கயிற்றையொட்டிக் கிழக்கே நடக்க வேண்டும். நாடா கயிற்றைத் தொடும் இடத்தில் என்ன எண் வருகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

நம் வயலில் அ முளையில் நிற்கும்போது நாடா 25.00 காட்டும். அது மேற்கு வரப்பின் நீளமேதான். 2 மீட்டர் நகர்ந்ததும் 24.52. 4 மீட்டரில் 24.19. 6 மீட்டரில் 24.02. 7 மீட்டரில் 24.00. அதைத் தாண்டி 9 மீட்டருக்குப் போனால் 24.08 என்று மறுபடி ஏறத் தொடங்கும். 12 மீட்டரில் மீண்டும் 24.52. இறங்கி வந்து ஏறும் இந்த எண்களில் எது மிகச் சிறியதோ அதுவே உயரம். h = 24 மீட்டர்.

இந்த எண்களில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது. சரியான இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் நாடா 24.02 தான் காட்டுகிறது. பிழை 2 சென்டிமீட்டர். எனவே உயரத்தை மட்டும் வேண்டுபவர் செங்குத்தின் அடி எங்கே விழுகிறது என்று துல்லியமாகத் தேடிக் களைத்துப்போக வேண்டாம். ஆனால் அந்த அடியின் இடமும் தேவை என்றால் (கடைசிப் பகுதியில் தேவைப்படும்) இந்த வழி போதாது, அங்கே எண்கள் மிக மெதுவாக மாறுகின்றன. அதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. மிகச் சிறிய எண்ணுக்கு இருபுறமும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் நடுப்புள்ளியை எடுங்கள். மேலே 24.52 என்பது 2 மீட்டரிலும் 12 மீட்டரிலும் வந்தது. நடுப்புள்ளி 7. செங்குத்தின் அடி அ முளையிலிருந்து 7 மீட்டரில் இருக்கிறது.

செங்குத்தை ஈ மூலையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணைக்கோடுகளுக்கு இடையே எங்கு அளந்தாலும் அதே 24 தான். வயல் ஒரே பக்கமாக மிகவும் சாய்ந்திருந்து, மூலையிலிருந்து இறக்கும் செங்குத்து வயலுக்கு வெளியே போய் விழுந்தால், வேறு வசதியான இடத்தில் அளங்கள். அல்லது கயிற்றை வரப்பின் நேர்க்கோட்டிலேயே வெளியே நீட்டி அளங்கள்.

படி 4: கணக்கைப் போடுங்கள்

```
a + b = 60 + 35 = 95
95 / 2 = 47.5
47.5 × 24 = 1140
```

வயலின் பரப்பளவு 1140 சதுர மீட்டர். ஹெக்டேரில் வேண்டுமென்றால் 10,000 ஆல் வகுக்க வேண்டும்: 0.114 ஹெக்டேர்.

நடுவில் வந்த 47.5 ஐச் சற்று நின்று பாருங்கள். அது வயலின் சராசரி நீளம். தெற்கில் 60 ஆகத் தொடங்கி, வடக்கே போகப் போக ஒரே சீராகச் சுருங்கி 35 இல் முடிகிறது. சரிபாதித் தொலைவில், அதாவது தெற்கு வரப்பிலிருந்து 12 மீட்டர் தள்ளி, கிழக்கு மேற்காக நாடாவை இழுத்தால் சரியாக 47.5 மீட்டர் வரும். சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துவிடலாம். இது ஒரு நல்ல சரிபார்ப்பும்கூட.

எந்த அளவை அதிகக் கவனத்தோடு எடுக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. தெற்கு வரப்பை 10 சென்டிமீட்டர் தவறாக அளந்தால் விடை 0.1 × 12 = 1.2 சதுர மீட்டர் மாறும். உயரத்தை அதே 10 சென்டிமீட்டர் தவறாக அளந்தால் 47.5 × 0.1 = 4.75 சதுர மீட்டர் மாறும், ஏறக்குறைய நான்கு மடங்கு. வரப்புகளை இரண்டிரண்டு முறை அளந்துவிட்டு உயரத்தை ஒரே முறை அளப்பது தலைகீழான சிக்கனம்.

ஏன் கூட்டிப் பாதியாக்குகிறோம்?

வயலின் ஆ மூலையிலிருந்து ஈ மூலைக்குக் குறுக்கே ஒரு மூலைவிட்டம் இழுங்கள். வயல் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. அஆஈ என்ற முக்கோணத்தின் அடிப்பக்கம் தெற்கு வரப்பு, 60 மீட்டர். அதன் உச்சி ஈ. அங்கிருந்து தெற்கு வரப்புக்குள்ள தூரம் 24. பரப்பு 60 × 24 / 2 = 720.

மற்ற முக்கோணம் ஆஇஈ. இதற்கு வடக்கு வரப்பை, அதாவது 35 மீட்டரை, அடிப்பக்கமாகக் கொள்வோம். உச்சி கீழே ஆ மூலையில் இருக்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது: இந்த முக்கோணத்தின் உயரம் எது? ஆ மூலையிலிருந்து வடக்கு நோக்கிச் செங்குத்தாகப் போனால் வடக்கு வரப்பைத் தொடவே மாட்டோம், அது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வரப்பின் கோட்டைக் கிழக்கே நீட்டினால் தொடுவோம். தூரம் அதே 24. இணைக்கோடுகள் அல்லவா? பரப்பு 35 × 24 / 2 = 420.

720 + 420 = 1140. இரண்டு கணக்கிலும் 24 / 2 பொதுவாக இருப்பதால் அதை வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது (60 + 35). அதுதான் சூத்திரம். இரண்டு முக்கோணங்களுக்கும் ஒரே உயரம் வாய்த்ததற்கு ஒரே காரணம் அந்த இரண்டு வரப்புகளும் இணையாக இருப்பது. இணை இல்லையென்றால் சூத்திரமும் இல்லை.

தவறான விடைகள் எப்படி இருக்கும்?

மேற்கு வரப்பை உயரமாக எடுத்தால் 47.5 × 25 = 1187.5 வரும். 47.5 சதுர மீட்டர் அதிகம். கிழக்கு வரப்பை எடுத்தால் 47.5 × 30 = 1425. உண்மையைவிட 285 சதுர மீட்டர் அதிகம். கால் பங்கு நிலம் காற்றில் முளைத்துவிடுகிறது. சாய்வு கூடக்கூடப் பிழையும் கூடும். சாய்வான பக்கம் செங்குத்தைவிட எப்போதும் நீளமானது என்பதால் இந்தப் பிழை ஒருபோதும் குறைவாகக் காட்டாது. விற்பவருக்குச் சாதகமாகவே இருக்கும்.

இன்னொரு வழி, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவது: எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து இரண்டையும் பெருக்கிவிடுவது. வடக்கு தெற்கின் சராசரி 47.5, கிழக்கு மேற்கின் சராசரி 27.5, பெருக்கினால் 1306.25. இதுவும் தவறு, 166.25 அதிகம். இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் உள்ள கோயிலின் கல்வெட்டில், தாலமி மன்னர்கள் காலத்தில், கோயில் நிலங்களின் பரப்பை இந்த முறையில்தான் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். செவ்வகத்துக்கு மட்டும் இது மிகச் சரி. செவ்வகத்தை நெருங்கிய வயலுக்கு ஏறத்தாழச் சரியாக வரும். நம் வயல்போல் சாய்ந்ததற்கு உதவாது.

விடையைப் பார்த்தே தவறைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு. சரியான விடை 35 × 24 = 840 க்கும் 60 × 24 = 1440 க்கும் இடையில்தான் இருக்க முடியும். பாதியாக்க மறந்து 2280 என்று எழுதியவர் இதில் உடனே மாட்டிக்கொள்வார். ஆனால் 1425 என்று எழுதியவர் தப்பிவிடுவார், பாருங்கள். அவரைப் பிடிக்க வேறு வழி: இரு சாய்வான பக்கங்களில் எதுவாயினும் உயரத்தைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. எழுதிய h சிறிய சாய்வுப் பக்கமான 25 ஐத் தாண்டியிருந்தால் அது உயரமே இல்லை.

வயலுக்குள் இறங்க முடியாதபோது

தண்ணீர் நிற்கிறது, அல்லது பயிர் நெஞ்சளவு வளர்ந்திருக்கிறது. நான்கு வரப்புகளை மட்டும் அளக்க முடிகிறது. தெற்கும் வடக்கும் இணை என்பது உறுதியாகத் தெரியும் என்றால் உயரத்தைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

படத்தில், கிழக்கு வரப்பை அப்படியே மேற்கே 35 மீட்டர் நகர்த்துங்கள், சாய்வு மாறாமல். அதன் மேல் முனை இ, நகர்ந்து ஈ மூலையில் போய் உட்கார்ந்துவிடும். கீழ் முனை ஆ, தெற்கு வரப்பின் மேலேயே 35 மீட்டர் நகர்ந்திருக்கும்; அது அ மூலையிலிருந்து 60 − 35 = 25 மீட்டரில் இருக்கும். இப்போது ஒரு முக்கோணம் கிடைத்துவிட்டது: பக்கங்கள் 25 (மேற்கு வரப்பு), 30 (நகர்த்திய கிழக்கு வரப்பு), 25 (மிச்ச அடிப்பக்கம்). இந்த முக்கோணத்தின் உயரமும் வயலின் உயரமும் ஒன்றே.

மூன்று பக்கங்கள் தெரிந்த முக்கோணத்தின் பரப்புக்கு ஹெரான் சூத்திரம் இருக்கிறது. சுற்றளவில் பாதி s = (25 + 30 + 25) / 2 = 40.

```
√(40 × (40−25) × (40−30) × (40−25))
= √(40 × 15 × 10 × 15)
= √90000
= 300
```

முக்கோணத்தின் பரப்பு 300. அடிப்பக்கம் 25 என்பதால், 25 × h / 2 = 300; h = 24. நாடாவைப் பிடித்துக்கொண்டு கயிற்றோடு நடந்து கண்டுபிடித்த அதே 24. பிறகு வழக்கம்போல் 47.5 × 24.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. இணைப்பக்கங்கள் இரண்டும் சமமாக இருந்தால் மிச்ச அடிப்பக்கம் பூச்சியமாகிவிடும், முக்கோணமே இருக்காது. அது இணைகரம், நான்கு பக்க நீளங்களை வைத்து அதன் உயரத்தைச் சொல்லவே முடியாது. நான்கு குச்சிகளை மூலைகளில் கட்டி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள்: நீளங்கள் அப்படியே இருக்கும், பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். அங்கே உள்ளே இறங்கியோ மூலைவிட்டத்தை அளந்தோதான் ஆக வேண்டும்.

உண்மையிலேயே இணைதானா?

கண்ணுக்கு இணையாகத் தெரிவதெல்லாம் இணை அல்ல. சோதிக்க, வடக்கு வரப்பின் இரு முனைகளிலிருந்தும், அதாவது ஈ, இ ஆகிய இரண்டிலிருந்தும், தெற்கு வரப்புக்குச் செங்குத்துத் தூரத்தை அளங்கள். இரண்டும் சமமானால் இணை. நம் வயலில் இரண்டும் 24. முதல் செங்குத்தின் அடி அ மூலையிலிருந்து 7 மீட்டரில், இரண்டாவதன் அடி ஆ மூலையிலிருந்து 18 மீட்டரில். நடுவே 60 − 7 − 18 = 35; வடக்கு வரப்பின் நீளத்தோடு பொருந்துகிறது.

இரண்டாவது தூரம் 24 க்குப் பதில் 24.6 என்று வந்தால்? ஓரிரு சென்டிமீட்டர் என்றால் நாடாவின் தொய்வு என்று விட்டுவிடலாம். 60 சென்டிமீட்டரை அப்படி விட முடியாது. வயல் சரிவகம் இல்லை. ஆனால் சூத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை, அதைத் திருப்பிப் பிடித்தால் போதும். இரண்டு செங்குத்துக் கோடுகளும் தெற்கு வரப்புக்குச் செங்குத்து என்பதால் அவை ஒன்றுக்கொன்று இணை. ஆக, வயலின் நடுவே கிடப்பது படுத்த நிலையில் உள்ள ஒரு சரிவகம்: அதன் இணைப்பக்கங்கள் 24, 24.6, உயரம், இரண்டு அடிகளுக்கும் இடையே உள்ள 35 மீட்டர். இரு ஓரங்களிலும் இரண்டு செங்கோண முக்கோணங்கள்.

```
மேற்கு முக்கோணம்: 7 × 24 / 2 = 84
நடுச் சரிவகம்: (24 + 24.6) / 2 × 35 = 850.5
கிழக்கு முக்கோணம்: 18 × 24.6 / 2 = 221.4
மொத்தம்: 1155.9
```

1155.9 சதுர மீட்டர். நில அளவையில் நெளிந்து போகும் எல்லைகளையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள்: நேரான ஒரு கோட்டைப் போட்டு, அதிலிருந்து எல்லை வரை இடைவெளி விட்டுச் செங்குத்துத் தூரங்களை அளந்து, அடுத்தடுத்த இரண்டு செங்குத்துகளை இணைப்பக்கங்களாகக் கொண்ட சரிவகங்களாக நிலத்தை நறுக்கிக்கொண்டே போவார்கள். ஆற்றோர நிலம் ஒன்றை அளக்கும்போது, கரை சட்டென்று வளையும் இடத்தில் செங்குத்துகளை 2 மீட்டருக்கு ஒன்றாகவும் நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டருக்கு ஒன்றாகவும் போட்டால் போதும்.